திருப்பு விசையும் ஆற்றலும்: ஒரே பரிமாணம், வெவ்வேறு அளவுகள் – படிப்படியாகச் சரிபார்க்கும் முறை

பரிமாணப் பகுப்பாய்வைப் புதிதாகக் கற்பவர்கள் திருப்பு விசைக்கும் ஆற்றலுக்கும் ஒரே பரிமாண வாய்ப்பாடு வருவதைக் கண்டதும், பெரும்பாலும் இரண்டு தவறான முடிவுகளில் ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள். சிலர் தங்கள் கணக்கில்தான் எங்கோ பிழை இருக்கிறது என்று எண்ணி, சரியான விடையை அடித்துவிட்டுத் திருத்துகிறார்கள். வேறு சிலர் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டு, திருப்பு விசையை ஜூலில் எழுதிவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு இந்தப் பகுதியைப் பல முறை நடத்தியபோது, இவ்விரு தவறுகளும் படிகளின் வரிசை மாறுவதால்தான் வருகின்றன என்பதைக் கவனித்தேன். ஆகவே கீழே உள்ள படிகளை, தரப்பட்டுள்ள வரிசையிலேயே செய்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

நிறை M, நீளம் L, காலம் T என்னும் மூன்று அடிப்படைப் பரிமாணங்களும், விசையின் பரிமாணம் M L T⁻² என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேலர் பெருக்கலில் cos வரும், வெக்டர் பெருக்கலில் sin வரும் என்பதும் நினைவில் இருந்தால் போதுமானது.

அலகும் பரிமாணமும் ஒன்றல்ல என்பதை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மீட்டரும் அடியும் வெவ்வேறு அலகுகள். அவற்றின் பரிமாணம் ஒன்றே, அதாவது L. நியூட்டன் மீட்டர், ஜூல் ஆகிய இரண்டையும் அடிப்படை அலகுகளாக உடைத்தால் kg·m²·s⁻² என்றே வரும். இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒற்றுமையின் உள்ளே மறைந்திருக்கும் வேற்றுமையைப் பற்றியதுதான்.

தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு தடுமாற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘திருப்பு விசை’ என்ற சொல்லில் ‘விசை’ இருப்பதால், கேட்ட மாத்திரத்தில் M L T⁻² என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. ‘திருப்புத்திறன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினாலும் தப்ப முடியாது. அதில் உள்ள ‘திறன்’ அவர்களை M L² T⁻³ என்ற பரிமாணத்துக்கு இழுத்துச் சென்றுவிடுகிறது. பட்டறையில் ‘டார்க்’ என்று சொல்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெயரிலிருந்து பரிமாணத்தை ஊகிக்காதீர்கள். எப்போதும் வரையறையிலிருந்தே பெறுங்கள்.

2. இரண்டு வரையறைகளையும் கோணங்களோடு எழுதுங்கள்

முதலில் தாளில் எழுத வேண்டியது பரிமாணம் அல்ல. கோணத்தோடு கூடிய முழு வரையறை.

வேலை: W = F d cos φ. இதில் d என்பது விசை செயல்படும் புள்ளி நகர்ந்த தொலைவு. φ என்பது விசைக்கும் அந்த இடப்பெயர்ச்சிக்கும் இடையே உள்ள கோணம்.

திருப்பு விசை: τ = r F sin φ. இதில் r என்பது சுழற்சிப் புள்ளியிலிருந்து விசை செயல்படும் புள்ளி வரையிலான தொலைவு. φ என்பது அந்தக் கோட்டுக்கும் விசைக்கும் இடையே உள்ள கோணம்.

கோணத்தை விட்டுவிட்டு ‘விசை பெருக்கல் தொலைவு’ என்று சுருக்கமாக எழுதினால் இரண்டும் ஒரே வாக்கியமாகிவிடும். அதன்பின் வேற்றுமையைத் தேடி எவ்வளவு பாடுபட்டாலும் கிடைக்காது, ஏனெனில் அதைச் சுமந்துகொண்டிருந்த பகுதியையே நாம் தூக்கி எறிந்துவிட்டோம். தவிர, பொருள் சுழன்ற கோணத்துக்கு θ என்ற வேறு எழுத்தை ஒதுக்கி வையுங்கள். விசையின் சாய்வுக் கோணத்துக்கும் சுழன்ற கோணத்துக்கும் ஒரே எழுத்தைப் பயன்படுத்தியவர்கள், பின்னால் W = τθ என்ற தொடர்பு வரும்போது sin-க்குள் இருந்த கோணத்தை வெளியே கொண்டுவந்து பெருக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

3. பரிமாணத்தைக் கண்டு, வேறொரு வழியில் சரிபாருங்கள்

cos φ, sin φ இரண்டும் வெறும் எண்கள். அவற்றுக்குப் பரிமாணம் இல்லை. எனவே,

[W] = M L T⁻² × L = M L² T⁻²
[τ] = L × M L T⁻² = M L² T⁻²

இந்த விடையை நம்புவதற்கு முன், ஒவ்வொன்றையும் தொடர்பில்லாத மற்றொரு சமன்பாட்டின் வழியே ஒரு முறை பெற்றுப் பாருங்கள். ஆற்றலுக்கு ½mv² எளிது: M × (L T⁻¹)² = M L² T⁻². திருப்பு விசைக்கு, நிலைமத் திருப்புத்திறனைக் கோண முடுக்கத்தால் பெருக்கலாம்: M L² × T⁻² = M L² T⁻². நான்கு வழிகளிலும் ஒரே விடை வருவதால், இது கணக்குப் பிழையால் நேர்ந்த ஒற்றுமை அல்ல என்பது உறுதியாகிறது. இந்தப் படியைத் தவிர்த்தவர்கள்தான் அடுத்த படியில் விடையை அடித்துத் திருத்துகிறார்கள்.

4. இந்த ஒற்றுமை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

பரிமாணங்கள் வேறுபட்டால், அந்த இரண்டு அளவுகளும் நிச்சயமாக வெவ்வேறானவை. பரிமாணங்கள் ஒத்திருந்தால், அவை ஒன்றாகவும் இருக்கலாம், வெவ்வேறாகவும் இருக்கலாம். அதற்குமேல் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. பாடநூல்களில் பரிமாண முறையின் வரம்புகளைப் படிக்கும்போது, ஓர் அளவு ஸ்கேலரா வெக்டரா என்பதை இம்முறையால் அறிய முடியாது என்றும், எண் மாறிலிகளைக் கண்டறிய முடியாது என்றும் வரும் இரண்டு வரிகளை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். அவ்விரண்டும் இங்கே உயிரோடு வந்து நிற்கின்றன: முதலாவது ஐந்தாம், ஆறாம் படிகளில், இரண்டாவது எட்டாம் படியில்.

5. ஒரே ஸ்பேனரை மூன்று விதமாகப் பிடித்துப் பாருங்கள்

கார் சக்கரத்தின் நட்டு ஒன்றை 30 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரால் கழற்றுவதாக வைத்துக்கொள்வோம். கையால் தரும் விசை 200 N. இது ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். மூன்று நிலைகளிலும் 0.30 மீட்டர், 200 நியூட்டன் என்ற அதே இரண்டு எண்கள்தான் வருகின்றன என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

முதல் நிலையில், ஸ்பேனருக்குச் செங்குத்தாக அழுத்துகிறீர்கள். ஆனால் நட்டு துருப்பிடித்திருப்பதால் அசையவே இல்லை. திருப்பு விசை 0.30 × 200 = 60 N·m. கை நகரவில்லை என்பதால் d = 0; செய்த வேலை சுழி. திருப்பு விசை முழுமையாக இருக்கிறது, ஆற்றல் ஒரு துளியும் நட்டுக்குச் செல்லவில்லை. இங்கே ‘கை வலிக்கிறதே, வேலை எப்படிச் சுழியாகும்’ என்று கேட்காத வகுப்பே இல்லை. தசை இறுக்கத்தைத் தக்கவைத்திருக்க உடலுக்குள் வேதி ஆற்றல் செலவாகிறது என்பது உண்மைதான். ஆனால் அது வெப்பமாக உடலிலேயே தங்கிவிடுகிறது. ஸ்பேனரின் வழியே கடந்து செல்லவில்லை. கைக்குப் பதிலாக ஸ்பேனரின் முனையில் 20 கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், அது களைப்பே இல்லாமல் அதே திருப்பு விசையை நாள் முழுவதும் தரும்.

இரண்டாம் நிலையில், நட்டு இளகி, ஸ்பேனர் கால் சுற்று திரும்புகிறது. எல்லாக் கணத்திலும் விசை ஸ்பேனருக்குச் செங்குத்தாகவே இருப்பதாகக் கொள்வோம். திருப்பு விசை முன்போலவே 60 N·m. கை நகர்ந்த வில்லின் நீளம் 0.30 × 1.571 = 0.471 மீ, ஆகவே வேலை 200 × 0.471 = 94.2 J. திருப்பு விசை மாறவில்லை, ஆற்றல் மட்டும் சுழியிலிருந்து 94.2 ஜூலுக்கு ஏறியிருக்கிறது. இவ்விரண்டும் ஒரே அளவாக இருந்திருந்தால், ஒன்று மாறாதிருக்க மற்றொன்று மாறியிருக்க முடியாது.

மூன்றாம் நிலையில், ஸ்பேனரை அதன் நீளப்போக்கில் உங்களை நோக்கி இழுக்கிறீர்கள். φ சுழி என்பதால் sin φ சுழி. திருப்பு விசையும் சுழி. ஸ்பேனர் நட்டைவிட்டுக் கழன்று, அதே 200 N விசையில் 0.30 மீட்டர் இழுபட்டு வந்தால், செய்த வேலை 200 × 0.30 = 60 J.

இப்போது முதல் நிலையையும் மூன்றாம் நிலையையும் அருகருகே வையுங்கள். இரண்டிலும் 200 × 0.30 = 60 என்ற ஒரே பெருக்கல்தான். ஒன்றில் திருப்பு விசை 60, வேலை சுழி. மற்றொன்றில் வேலை 60, திருப்பு விசை சுழி. பெருக்கிய நீளம் விசைக்குக் குறுக்கே கிடக்கிறதா, விசையின் போக்கிலேயே கிடக்கிறதா என்பதுதான் வேறுபாடு. பரிமாண வாய்ப்பாட்டில் உள்ள L என்ற எழுத்துக்கு இந்தத் திசை தெரியாது.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, இரண்டாம் நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு வேற்றுமையைக் காட்ட முயல்வது. அதில் இரண்டு அளவுகளுமே சுழியல்லாதவையாக இருப்பதால், பார்ப்பவருக்கு எண்கள் வேறு என்பது மட்டுமே தெரிகிறது. அளவுகளே வேறு என்பது தெரிவதில்லை. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத நிலைகளைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

6. நீளங்களுக்குத் திசைக் குறியிட்டு, பரிமாணத்தை மீண்டும் காணுங்கள்

L-க்குத் திசை தெரியாது என்றால், அதற்குத் திசையைக் கற்றுக்கொடுத்துப் பார்க்கலாம். ஸ்பேனரின் கைப்பிடி x திசையில் இருப்பதாகவும், விசை y திசையில் செயல்படுவதாகவும் கொள்ளுங்கள். x திசையில் அளந்த நீளத்துக்கு Lx என்றும், y திசையில் அளந்த நீளத்துக்கு Ly என்றும் தனித்தனியாகக் குறியிடுங்கள். y திசை விசை, y திசையில் முடுக்கத்தைத் தருவது. ஆகவே அதன் பரிமாணம் M Ly T⁻².

வேலையில் நகர்வும் y திசையிலேயே இருக்க வேண்டும்: [W] = M Ly T⁻² × Ly = M Ly² T⁻².

திருப்பு விசையில் கரம் x திசையில் இருக்கிறது: [τ] = Lx × M Ly T⁻² = M Lx Ly T⁻².

முன்பு ஒன்றாகத் தெரிந்த பரிமாணங்கள் இப்போது பிரிந்துவிட்டன. ஆனால் இந்தப் பிரிவு நாமாகப் புகுத்திய செயற்கையான வேறுபாடு இல்லை என்பதை எப்படி நம்புவது? அதற்கும் ஒரு சோதனை உண்டு. சுழற்சியின்போது W = τθ என்பது நமக்குத் தெரியும். கோணம் θ என்பது வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்து வருவது. சிறிய சுழற்சிக்கு வில் y திசையிலும் ஆரம் x திசையிலும் இருக்கின்றன. ஆகவே [θ] = Ly / Lx. இப்போது பெருக்குங்கள்:

[τθ] = M Lx Ly T⁻² × Ly / Lx = M Ly² T⁻² = [W]

குறியிட்ட கணக்கு முரண்பாடின்றி மூடிக்கொண்டது. அத்துடன், ஒரு மறைந்திருந்த செய்தியும் வெளிப்பட்டது. சாதாரணக் கணக்கில் கோணம் L / L என்று அடிபட்டு, ஒன்றுமில்லாததாக மறைந்துவிடுகிறது. அந்த மறைவுதான் திருப்பு விசைக்கும் ஆற்றலுக்கும் ஒரே பரிமாணத்தைத் தருகிறது. உண்மையில் அந்தக் கோணம் குறுக்கு நீளத்தை எடுத்துக்கொண்டு நெடுக்கு நீளத்தைக் கொடுக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஸ்பேனர் திரும்பத் திரும்ப, குறுக்கும் நெடுக்கும் தாமே திசை மாறுவதால், மேலே உள்ள குறியீடு ஒவ்வொரு சிறிய சுழற்சிக்கும் தனித்தனியாகத்தான் பொருந்தும். அதோடு, x, y இரு திசைகளிலும் நகரும் பொருளின் இயக்க ஆற்றலைக் கணக்கிடும்போது M Lx² T⁻², M Ly² T⁻² என்ற இரண்டையும் கூட்ட வேண்டியிருக்கிறது. குறியீட்டை அப்படியே கடைப்பிடித்தால் அந்தக் கூட்டல் தடைப்பட்டுவிடும். ஆகவே இதை வேற்றுமையைக் கண்டறிய உதவும் ஒரு கணக்குக் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுத்தாளில் ‘திருப்பு விசையின் பரிமாணம்’ என்று கேட்டால் விடை M L² T⁻² தான்.

7. சுழற்சிப் புள்ளியை மாற்றிப் பாருங்கள்

அதே ஸ்பேனரில், நட்டைப் பொறுத்த திருப்பு விசை 60 N·m. உங்கள் கை இருக்கும் புள்ளியைப் பொறுத்துக் கணக்கிட்டால் r = 0; திருப்பு விசை சுழி. கைப்பிடிக்கு எதிர்ப்புறமாக, நட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அதே கோட்டில் ஒரு புள்ளியை எடுத்தால் r = 0.50 மீ, திருப்பு விசை 100 N·m. கை, விசை, நட்டு எதுவும் மாறவில்லை. நாம் தாளில் வைத்த ஒரு புள்ளி மட்டுமே மாறியது. ஆனால் கால் சுற்றில் கை செய்த வேலை, எந்த நிலையான புள்ளியிலிருந்து அளந்தாலும் 94.2 J தான், ஏனெனில் வேலையின் வரையறையில் அந்தப் புள்ளிக்கு இடமே இல்லை.

ஆகவே திருப்பு விசையை எழுதும்போது ‘எந்தப் புள்ளியைப் பொறுத்து’ என்று சேர்த்து எழுதுவது அழகுக்காக அல்ல. அது இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கை நினைவில் வையுங்கள். குழாயின் திருகை இரு விரல்களால் திருப்பும்போது போல, சமமான இரண்டு விசைகள் எதிரெதிர்த் திசைகளில் இணையாகச் செயல்படும் ‘இரட்டை’யில், மொத்தத் திருப்பு விசை எல்லாப் புள்ளிகளைப் பொறுத்தும் ஒன்றாகவே இருக்கும். அத்தகைய எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் வேற்றுமை தென்படாது.

8. ரேடியனை எப்போது வைத்திருப்பது, எப்போது விடுவது

W = τθ என்பதில் θ-வை ரேடியனில் இட வேண்டும். SI முறையில் ரேடியன் என்பது மீட்டரை மீட்டரால் வகுத்த, பரிமாணமற்ற அலகு. முன்பு அது ‘துணை அலகு’ என்று தனி வகையாக வைக்கப்பட்டிருந்தது. 1995-இல் எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடு அந்த வகையை நீக்கி, அதை வழி அலகுகளோடு சேர்த்தது. பரிமாணமற்றது என்பதால் அதை எழுதாமல் விட்டாலும் சமன்பாடு சரியாகவே தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

தோட்டத்துக் கிணற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 3.7 kW என்றும், நிமிடத்துக்கு 1440 சுற்று என்றும் அதில் பொறித்திருப்பது வழக்கம். அதன் அச்சு தரும் திருப்பு விசை எவ்வளவு? திறன் P = τω என்பதால் τ = P / ω.

சரியான வழி: ω = 2π × 1440 / 60 = 150.8 ரேடியன்/வினாடி. τ = 3700 / 150.8 = 24.5 N·m.

அடிக்கடி நிகழும் பிழை: 1440-ஐ 60-ஆல் வகுத்து, வினாடிக்கு 24 சுற்று என்பதை அப்படியே ω-வாக இடுவது. அப்போது 3700 / 24 = 154.2 என்று வரும்.

இரண்டு கணக்குகளிலும் ω-வின் பரிமாணம் T⁻¹ தான். விடையின் பரிமாணமும் M L² T⁻² தான். பரிமாணச் சோதனை இரண்டையுமே ‘சரி’ என்று சொல்லிவிடும். ஆனால் விடைகள் 6.28 மடங்கு, அதாவது 2π மடங்கு வேறுபடுகின்றன. பிழையான கணக்கில் கிடைத்த 154.2 என்ற எண்ணுக்கு உண்மையில் ஒரு பொருள் உண்டு என்பதுதான் சுவையானது: அது ஒரு சுற்றுக்கு மோட்டார் தரும் ஆற்றல், 154.2 J. ஆற்றலைக் கணக்கிட்டுவிட்டு அதற்குத் திருப்பு விசை என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அலகுகள் ஒத்திருந்ததால் யாரும் தடுக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கணக்கு முடியும் வரை ரேடியனையும் சுற்றையும் அலகுகளாகவே எழுதிக்கொண்டு வருவது. 3700 J/s-ஐ 24 சுற்று/s-ஆல் வகுத்தால் விடை ‘ஜூல்/சுற்று’ என்று வந்து நிற்கும்; அதிலேயே பிழை தெரிந்துவிடும். 150.8 ரேடியன்/s-ஆல் வகுத்தால் ‘ஜூல்/ரேடியன்’ என்று வரும். ஒரு ரேடியன் சுழற்சிக்கு இத்தனை ஜூல் என்பதே திருப்பு விசையை ஆற்றலோடு இணைத்துப் பார்க்கும் சரியான பார்வை. கடைசி வரியில் மட்டும் ரேடியனை விட்டுவிட்டு N·m என்று எழுதுங்கள்.

9. விடையில் அலகை எழுதும் முறை

எடைகள், அளவுகளுக்கான சர்வதேச அலுவலகம் வெளியிடும் SI கையேடு, திருப்பு விசைக்கும் ஆற்றலுக்கும் ஒரே பரிமாணம் இருந்தாலும், திருப்பு விசையைக் குறிக்க ஜூலைப் பயன்படுத்துவதே இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. எனவே திருப்பு விசைக்கு N·m, ஆற்றலுக்கு J என்று பிரித்தே எழுதுங்கள். ஆற்றலை N·m என்று எழுதுவது தவறல்ல என்றாலும், திருப்பு விசையும் சேர்ந்து வரும் கணக்கில் அப்படி எழுதினால் படிப்பவர் குழம்புவார்.

எழுத்துகளின் வரிசையிலும் கவனம் தேவை. mN என்று மாற்றி எழுதினால் அது மில்லிநியூட்டன் என்னும் விசை அலகாகிவிடும். N-ஐச் சிறிய எழுத்தாக்கி nm என்று எழுதினால் நானோமீட்டர்.

10. முறுக்குச் சுருளை வைத்து இறுதிச் சோதனை

மேலே செய்தவை பிடிபட்டனவா என்று பார்க்க, நான் கடைசியாகத் தருவது ஒரு முறுக்குச் சுருள். துணி மாட்டும் கிளிப்பில் இருப்பது போன்ற அந்தச் சுருளை θ ரேடியன் முறுக்கத் தேவையான திருப்பு விசை τ = κθ; அதில் சேமிக்கப்படும் ஆற்றல் U = ½κθ². κ என்பது அந்தச் சுருளின் முறுக்கு மாறிலி. θ-வுக்குப் பரிமாணம் இல்லாததால் κ, τ, U மூன்றுக்குமே M L² T⁻² என்ற ஒரே பரிமாணம். இரண்டாக இருந்த குழப்பம் இங்கே மூன்றாகிறது.

κ = 0.5 N·m/rad என்று வைத்து எண்களை இடுங்கள். 1 ரேடியன் முறுக்கினால் τ = 0.5 N·m, U = 0.25 J. 2 ரேடியனில் τ = 1.0 N·m, U = 1.0 J, எண்ணும் ஒன்று, பரிமாணமும் ஒன்று. இந்த ஒரு கோணத்தை மட்டும் சோதித்தவர் இரண்டும் ஒன்றே என்று சத்தியம் செய்துவிடக்கூடும். 4 ரேடியனுக்குப் போங்கள்: τ = 2.0 N·m, U = 4.0 J. கோணம் இரட்டிப்பானபோது திருப்பு விசை இரட்டிப்பாகியது, ஆற்றல் நான்கு மடங்காகியது. எதிர்த்திசையில் 4 ரேடியன் முறுக்கினால் τ-வின் குறி மாறி −2.0 N·m ஆகும்; U அப்போதும் +4.0 J தான்.

இங்கே வழக்கமாக வரும் பிழை, W = τθ என்பதை அப்படியே பயன்படுத்தி U = κθ² என்று எழுதுவது. முறுக்க முறுக்கத் திருப்பு விசை சுழியிலிருந்து κθ வரை சீராக ஏறுவதால், அதன் சராசரி மதிப்பையே, அதாவது κθ-வின் பாதியையே, θ-வால் பெருக்க வேண்டும். விடுபட்ட அந்த ½-ஐயும் பரிமாணச் சோதனை கண்டுகொள்ளாது.

கடைசியாக, ஆறாம் படியின் திசைக் குறியீட்டை இந்த மூன்றின்மேலும் வைத்துப் பாருங்கள். τ-வின் குறியீடு M Lx Ly T⁻². அதை θ-வால், அதாவது Ly / Lx-ஆல், வகுத்தால் κ கிடைக்கும்: M Lx² T⁻². τ-வையே θ-வால் பெருக்கினால் U கிடைக்கும்: M Ly² T⁻². வெறும் L² என்று ஒரே முகம் காட்டிய மூன்று அளவுகளில், ஒன்றில் இரண்டு நீளங்களும் குறுக்கு, ஒன்றில் குறுக்கும் நெடுக்கும், ஒன்றில் இரண்டும் நெடுக்கு.